பிளம்பர் அண்ணனுக்கு நான் எழுதிய தலைப்பு

என் அண்ணன் இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டுக் கழிவைக் கையால் அள்ளிப் பிழைக்கிறவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவனுக்கும் இல்லை. எங்கே போனாலும் வண்டியில் ஒரு வாளி தொங்கும் என்பதால் தெருவில் அவனுக்கு 'வாளி' என்றே பெயர். குழாயை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடைப்பு எத்தனை அடியில் இருக்கிறது என்று சொல்வான். முக்கால்வாசி சரியாக இருக்கும். மீதி கால்வாசிக்கு, "குழாய் பொய் சொல்லுது"ன்னு ஒரு சாக்கு வைத்திருப்பான். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும், அது அண்ணி போட்ட சட்டம். சோப்பு வாசனையோடு சோற்றுக்கு உட்காரும்போதும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு இருக்கும்.

ஒரு குறை அவனிடம் உண்டு. யார் போன் செய்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பான். ஊரின் எந்த மூலையில், எந்தத் தொட்டிக்குள் இறங்கி நின்றாலும் அதே பதில்தான். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. "வரமாட்டேன்னு சொன்னா பாவம், மனசு ஒடஞ்சு போயிடுவாங்க" என்பான். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பழைய வாடிக்கைக்காரர்களுக்கு அவனுடைய 'இதோ' எத்தனை மணி நேரம் என்று தெரியும். அவர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கதவைத் திறப்பார்கள்.

தெரியாதவர்களை அவனிடம் கொண்டுவந்து விட்டவள் நான்.

நான் ஓர் அச்சுக்கடையில் வேலை பார்க்கிறேன். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், இப்போது கொஞ்ச நாளாகச் சின்னக் கடைகளுக்கு இணையதளமும் செய்து கொடுக்கிறோம். போன வருடம் அண்ணனுக்கு ஒன்று செய்தேன். முகப்பில் என்ன எழுதலாம் என்று பெரிய கம்பெனிகளின் பக்கங்களை எல்லாம் பார்த்தேன். முப்பது ஆள், பத்து வேன் வைத்திருக்கிறவர்கள். பார்த்துவிட்டு எழுதினேன்:

'உங்கள் இல்லத்தின் நிம்மதி, எங்கள் பொறுப்பு!'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'நகரம் முழுவதும், 24 மணி நேரமும், உடனடித் தீர்வுகள்.'

அண்ணன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எங்கள்னு போட்டிருக்கியே. நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"அண்ணியும் இருக்காங்கல்ல, போன் எடுக்கறாங்கல்ல."

"நகரம் முழுசும் எப்படிடி போவேன்? பாலத்தத் தாண்டினாலே ஒன்றரை மணி நேரம் ஆகுது."

"ஐயோ அண்ணா, அதெல்லாம் சும்மா ஒரு அழகுக்கு. இத யாரு உக்காந்து வரி வரியா படிக்கப் போறா?"

ஒருத்தர் படித்தார். வரிவரியாகப் படித்து, அப்படியே நம்பினார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். அதன் தரைத்தளத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. கட்டிலில் இருந்து புரண்டு விழுந்துவிடுகிறார் என்று தரையிலேயே மெத்தை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஒரு வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் கழிவறைத் துவாரத்தில் தண்ணீர் மேலே வந்தது. வெளியே மெயின் லைனில் அடைப்பு. மேல் மாடிகளில் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் போக வழியில்லாமல் தரைத்தளத்தில் வந்து பொங்கும். மேல்வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தது.

அந்த அம்மா போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்தது எங்கள் பக்கம். அண்ணன் அப்போது ஊரின் இன்னொரு கோடியில் இருந்தான், அதுவும் நான் எழுதிய 'நகரம் முழுவதும்' கொண்டுவந்த வேலைதான். சேற்றுக் கையால் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

"இதோ வந்துட்டேம்மா."

பத்தரைக்கு மறுபடி கூப்பிட்டார். "இதோ." பன்னிரண்டு மணிக்கும் "இதோ."

உடனடி என்று போட்டிருக்கிறதே, வந்துவிடுவான் என்று அந்த அம்மா வேறு யாரையும் கூப்பிடவில்லை. மேல் வீடுகளின் கதவைத் தட்டினார், ஆள் இல்லை. மெத்தையைத் தனியாக இழுத்துப் பார்த்தார், நனைந்த மெத்தை நகரவில்லை. துண்டு, போர்வை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டுக் கழிவறை வாசலில் அணை கட்டினார். மனிதர் அசைய முடியாமல் அந்த நீரில் கிடந்தார். அண்ணன் போய்ச் சேர்ந்தது நாலு மணிக்கு. வெளியே கழிவுநீர்க் குழாயின் ஆய்வுத்தொட்டி மூடியைத் திறந்து கம்பியை விட்டுக் குத்தினான். துணிக்கந்தலும் உறைந்த எண்ணெயும் திரண்ட ஓர் உருண்டை வந்தது. இருபது நிமிட வேலை.

பிறகு உள்ளே போய், அவரைத் தூக்கிக் கழுவி, உலர்ந்த இடத்தில் கிடத்தியதும் அண்ணன்தான். முதுகில் ஏற்கெனவே படுக்கைப்புண் இருந்திருக்கிறது. அதில் அந்தத் தண்ணீர் பட்டது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். புண்ணில் சீழ் பிடித்து விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

அண்ணனுக்கு இதை அந்த அம்மாவே போனில் சொன்னார். திட்டவில்லை. "தம்பி, நீங்க அவரக் கழுவி விட்டீங்க, அதான் சொல்லணும்னு தோணுச்சு" என்றாராம்.

அன்றோடு அண்ணன் போன் எடுப்பதை நிறுத்தினான். மூன்று வாரம் வாளி கொல்லையிலேயே கிடந்தது. அண்ணி என்னைக் கூப்பிட்டு அழுதாள். நான் போய்க் கத்தினேன்.

"எழுதினது நான். என்னத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. இப்படிக் கல்லா உக்காந்திருந்தா வீடு என்ன ஆகறது?"

"எழுதினது நீ. இதோன்னு மூணு வாட்டி சொன்னது யாரு?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அவனே கடைக்கு வந்தான். என் மேசைக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"அதை மாத்து. மாத்தினாத்தான் நான் வாளியத் தொடுவேன்."

அழித்துவிட்டு, 'நம்பிக்கையான குடும்ப பிளம்பர்' என்று எழுதினேன். அவன் பார்த்தான்.

"இதப் படிச்சா நான் எங்க வருவேன், எப்ப வருவேன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு?"

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த முகப்பையும் ஐந்து விநாடி யாரிடமாவது காட்டிவிட்டு மூடிவிடுவார். இவர் என்ன வேலை செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்று கேட்பார். பதில் வரவில்லை என்றால் திரும்ப எழுத வேண்டும். அண்ணனுடைய பக்கத்தை அவரிடம் நான் காட்டியதே இல்லை. சொந்த அண்ணன்தானே என்ற அலட்சியம். இப்போது பழைய தலைப்பை எடுத்து, எங்கள் கடையில் பைண்டிங் செய்கிற அக்காவிடம் ஐந்து விநாடி காட்டினேன்.

"நிம்மதியா? முதியோர் இல்லமா? இல்ல, பூட்டு விக்கறாங்களா?"

இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அன்று முழுக்க எழுதினோம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதலில் தலைப்பு வந்தது: 'வீடுகளில் கழிவுநீர் அடைப்பும் தண்ணீர்க் கசிவும் சரிசெய்யும் பிளம்பர்.' பைண்டிங் அக்கா ஐந்து விநாடியில் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். துணைத் தலைப்பில்தான் சண்டை. அவன் ஒரு பக்கத்துக்குச் சொன்னான். குளியலறை புதிதாகக் கட்டுவதில்லை, பெரிய கட்டடம் எடுப்பதில்லை, மழைக்காலத்தில் தாமதமாகும், எல்லாம்.

"அண்ணா, மேல ரெண்டு மூணு வரிக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க. மத்ததக் கீழ போடலாம். அவசரத்துல இருக்கறவங்களுக்கு எது முதல்ல தெரியணும்?"

அவன் திரையில் விரலை வைத்தான்.

"நான் வருவேனா மாட்டேனா, அதான்."

கடைசியில் துணைத் தலைப்பு இப்படி வந்தது: 'பாலத்தின் ரயில் நிலையப் பக்கம் உள்ள தனி வீடுகளுக்கும் சிறு கட்டடங்களுக்கும் மட்டும். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. ஒரே ஆள், இரண்டு மணி நேரத்தில் வர முடியாது என்றால் போனிலேயே சொல்லிவிடுவேன்.'

"ஒரே ஆள்னு போட்டா எவன் கூப்பிடுவான்?" என்றேன்.

"ஒரே ஆள் போதும்னு இருக்கறவன்."

கீழே அவன் சொன்ன இன்னொன்றையும் சேர்த்தோம். தரைத்தளத்தில் கழிவுநீர் மேலே வந்தால், முதலில் மேல்வீடுகளில் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடுங்கள். அதை அன்று வந்த முதல் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று அவன் தினமும் நினைக்கிறானாம்.

வெளியிடப் போனபோது என் கையைப் பிடித்துவிட்டான். "அந்தம்மா பாக்கட்டும். அவங்க சரின்னா போடு." எனக்கு எரிச்சல் வந்தது. சாவு வீட்டில் போய் விளம்பரத்தைக் காட்டுகிறதா? இவனுக்கு மன்னிப்பு வேண்டும், அதை நேராகக் கேட்க வாயில்லை, அவ்வளவுதான். ஆனாலும் கூடப் போனேன். தைரியமாக மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒற்றை அறை. பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. சுவரில் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கறை ஒரே கோடாக ஓடியது. மெத்தை கிடந்த இடம் காலியாக இருந்தது, அங்கே கால் வைக்காமல் சுற்றிப் போய் உட்கார்ந்தோம். அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். நான்தான் போனை நீட்டி, "இத நீங்க ஒரு தடவ பாக்கணும்னு அண்ணன் ஆசப்படறாரும்மா" என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்ல, வாய்விட்டுப் படித்தார். 'பாலத்தின் ரயில் நிலையப் பக்கம்' என்ற இடத்தில் நிறுத்தினார். மறுபடி அதையே படித்தார்.

"எங்க வீடு அந்தப் பக்கம் இல்லையே."

"இல்லம்மா" என்றான் அண்ணன்.

"அப்போ இது இருந்திருந்தா நான் உங்களக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன், தம்பி. பின்தெருவுலயே ஒருத்தர் இருக்காராம். கூப்பிட்டா பத்து நிமிஷத்துல வந்துடுவாராம். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைப்பை நானே நாக்கில் பச்சை குத்திக்கொண்டாலும் போதாது என்று தோன்றியது.

அவர் மிச்சத்தையும் கடைசி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"நல்லாப் புரியுதும்மா. போட்டுடு."