அறுபத்தோரு இடங்களில் புள்ளி

விசாரணை அலுவலகத்தில் அவளைக் கொக்கியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை. சரியாகத் தெரியாத சொல் வந்தால் சதுர அடைப்புக்குள் போட்டுக் கேள்விக்குறி வைத்துவிடுவாள். அந்த அடைப்புகள் கொக்கி மாதிரி இருந்ததால் வந்த பெயர் அது.

ஆலை ஒன்றில் கொதிகலன் வெடித்து ஆறு பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருவர் மேஸ்திரி. தினமும் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர். நனைந்து ஓரம் கிழிந்த அவருடைய நோட்டு, முந்நூற்று நாற்பது பக்கம், கொக்கியம்மாவின் மேஜைக்கு வந்தது. அதோடு மேஸ்திரியின் மனைவியும் வந்தாள். விசாரணை அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தினமும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கொக்கியம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நோட்டு பதினோரு நாள் ஆலை அலுவலகத்தில் கிடந்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தது. யாரையும் நம்ப அவள் தயாராக இல்லை.

இருநூறாவது பக்கம் முடிந்த சமயம் தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று கொக்கியம்மா விடுப்பில் போனாள். மீதியை அலுவலகக் குமாஸ்தா தட்டச்சு செய்து முடித்தார்.

அடுத்த விசாரணையில் ஆலை வக்கீல் இருநூற்று முப்பத்தோராம் பக்கத்தை வாசித்தார். “இரண்டாம் கொதிகலன் வால்வு சரியாக … உள்ளது.” புள்ளி என்றால் ஏதோ புரியாத ஒரு சொல், மற்றபடி மேஸ்திரியே வால்வு சரி என்று எழுதியிருக்கிறார் என்று முடித்துக்கொண்டார்.

வராந்தாவில் மேஸ்திரியின் மனைவி கொக்கியம்மாவை மறித்தாள்.

“அவரு அப்படி எழுதியிருக்கவே மாட்டாரு. அந்தப் புள்ளிக்குள்ள என்ன இருக்கு? யார் சொல்லி மறைச்சீங்க?”

கொக்கியம்மாவுக்குச் சுருக்கென்றது. நேராகக் குமாஸ்தாவிடம் போனாள். படிக்க முடியாத இடம், கிழிந்த இடம், மேஸ்திரி கோடு போட்டு அடித்த இடம், எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளிதான் வைத்ததாக அவர் சொன்னார். “அவரே அடிச்சுட்டாரு. அதைப் போய் எதுக்குக்கா டைப் பண்ணணும்?” அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. ஆனால் அவர் மைத்துனர் அந்த ஆலையில்தான் வேலை பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் வாங்கிவரும் தேநீரைக்கூட அவள் தொடவில்லை.

மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த அதிகாரியிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினாள். குமாஸ்தாவின் பக்கங்களில் அறுபத்தோரு இடங்களில் புள்ளி. அந்தப் பக்கங்களை எடுத்து வைத்தபோது மேஸ்திரியின் மனைவி, கொக்கியம்மாவே தட்டச்சு செய்திருந்த முதல் கட்டைப் புரட்டிப் பதினேழாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“நோட்டுல இங்க காகிதமே இல்ல, கிழிஞ்சிருக்கு. நீங்களும் புள்ளிதானே வச்சிருக்கீங்க?”

உண்மைதான். இந்த நோட்டின் கிழிசலுக்கு என்ன போடுவது என்று முறை படியும் முன், ஆரம்பத்தில் செய்த பக்கங்கள் அவை. கொக்கியம்மாவுக்குக் காது சூடானது. ஒரு பக்கத்தில் புள்ளிக்கு ஓர் அர்த்தம், இன்னொரு பக்கத்தில் வேறு அர்த்தம் என்றால் வக்கீல் வேண்டியதை எடுத்துக்கொள்வார். முதல் பக்கத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தாள். எப்படியோ ஊகிக்க முடிந்த சொல் என்றால் அடைப்பில் அந்தச் சொல்லும் கேள்விக்குறியும். ஊகிக்கவே முடியாவிட்டால் ‘[படிக்க இயலவில்லை]’. காகிதமே இல்லாவிட்டால் ‘[கிழிசல்]’. அடித்திருந்தால் ‘[அடித்தது: ]’ என்று போட்டு உள்ளே அந்தச் சொல். மேலே எழுதிச் சேர்த்திருந்தால் ‘[மேலே: ]’. இந்தப் பட்டியலை முதல் தாளிலேயே ஒட்டினாள். புள்ளி எங்கேயும் கிடையாது.

அறுபத்தொன்றில் ஒன்பது அடித்த சொற்கள். எட்டு, எழுத்தின் அதே நீல மையில் ஒற்றைக் கோடு. இருநூற்று முப்பத்தொன்றில் மட்டும் கறுப்பு மையில் கன்னாபின்னாவென்று கிறுக்கல். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்கம், கிறுக்கலுக்கு அடியில் இருந்த சொல்லைப் பேனா அழுத்திய தடம் தெரிந்தது. வரி இப்படி ஆனது: “வால்வு சரியாக [அடித்தது: இல்லை?] [மேலே: உள்ளது]”. அடியில் ஒரு குறிப்பு: அடித்ததும் மேலே எழுதியதும் கறுப்பு மை, மற்றவை நீலம்.

மேஸ்திரியின் மனைவி கேள்விக்குறியை வெறித்தாள். “வேற யாரோ அடிச்சாங்கன்னு எழுதுங்க. இந்தக் கேள்விக்குறி எங்க குடியைக் கெடுத்துரும்.”

“யார் அடிச்சாங்கன்னு நான் பார்க்கலம்மா. கண்ணுல பட்டதை மட்டும்தான் எழுதுவேன்.”

ஆலைக்காரர்களிடம் இவளும் விலைபோய்விட்டாள் என்று மேஸ்திரியின் மனைவி படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு போனாள்.

வக்கீல் அந்தக் கேள்விக்குறியைத்தான் பிடித்துக்கொண்டார். எழுதியவளுக்கே நிச்சயமில்லை என்றார். அதிகாரி முழுப் பிரதியையும் நிதானமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே முறை. தெரியாததைத் தெரியாது என்று சொல்பவள், மை வேறு என்று எழுதினால் பார்த்துத்தான் எழுதியிருப்பாள் என்று சொல்லி, அந்தத் தாளைக் கையெழுத்து நிபுணருக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. சொல் ‘இல்லை’தான். கறுப்பில் எழுதிய கை மேஸ்திரியுடையது அல்ல. வால்வு பழுது என்பதை அவர் முன்பே எழுதி வைத்திருந்தார் என்று அதிகாரி தீர்மானித்தார்.

அந்தப் பதினோரு நாளில் நோட்டைத் தொட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. மேஸ்திரியின் மனைவி நன்றி சொல்ல வரவில்லை. திருத்திய பிரதியின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தாள். வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக எண்ணிப் பார்த்தாள். கொக்கியம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. குமாஸ்தா கொண்டுவந்து வைத்த தேநீர் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது.