விசைப்பலகை மாற்றிய நாற்பது நாள்

அந்த வருடம் நான் தட்டச்சில் இங்கிலீஷ் ஹையர் பாஸாக வேண்டியிருந்தது. லோயர் எப்போதோ முடித்துவிட்டேன். அரசுத் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வயது எனக்கு அந்த வருடத்தோடு முடியவிருந்தது. அதற்குள் இருந்தது இந்த ஒரு தேர்வுதான். புத்தியுள்ளவள் உட்கார்ந்து பயிற்சி செய்திருப்பாள். நான் விசைப்பலகையையே மாற்றினேன்.

பகலில் ஆரோவில்லில் ஓர் அலுவலகத்தில் மின்னஞ்சல்களுக்குப் பதில் அடிப்பது என் வேலை. மாலையில் பஸ் பிடித்து மரக்காணம் வந்து, மாடியில் இருக்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போவேன். வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. எதிர் மேசையில் இருந்த டச்சுக்காரரிடம் புலம்பினேன்.

"எனக்கும் வலிச்சுது. டுவோராக் விசைப்பலகை அமைப்புக்கு மாறினேன், போயிடுச்சு" என்றார். இங்கே இருபது வருடமாக இருப்பவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அந்த அமைப்பில் ஆங்கில உயிரெழுத்துகள் இடக்கையின் நடுவரிசையிலும், அதிகம் வரும் மெய்கள் வலக்கையின் நடுவரிசையிலும் இருக்கும். விரல் மேலும் கீழும் தாவுவது குறைவு.

"வேகம் கூடுமா?"

"எனக்குக் கூடல. பழகவே மூணு மாசம் ஆச்சு. உனக்குப் பரீட்சை இருக்கு, இப்ப வேணாம்."

எனக்கு வேண்டியது மட்டும்தான் என் காதில் விழும். அன்றே கணினியின் அமைப்பை மாற்றினேன். விசைகளின் மேல் பழைய எழுத்து, அடித்தால் வருவது வேறு எழுத்து. ஒருநாள் மேலாளர் என் கணினியில் தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சூனியம் கீனியம் வெச்சிட்டியா?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. கை வலி என்று சொல்லி நாற்பது நாள் பயிற்சி நிலையம் பக்கமே போகவில்லை. வலி குறைந்ததா என்றால், குறைந்தது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போய் தட்டச்சு மெஷினில் உட்கார்ந்தேன். முதல் சொல்லே டி, ஹெச், ஈ, அதாவது 'தி'. விரல் டுவோராக் இடங்களுக்கே போனது. தாளில் விழுந்தது கே, ஜே, டி.

அங்கே சொல்லித்தரும் மிஸ் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். "இது எந்த ஊரு இங்கிலீஷ், அக்கா?"

நான் விவரம் சொன்னேன். சும்மா இருக்காமல், பழைய அமைப்பே ஆட்களை மெதுவாக அடிக்க வைக்கச் செய்த சதி என்று வாதாடினேன். அவள் பக்கத்துப் பக்கத்து விசை இரண்டை ஒன்றாகத் தட்டினாள். இரண்டு எழுத்துக் கம்பிகள் ரிப்பனுக்கு முன்னால் போய்ச் சிக்கிக்கொண்டன.

"இப்படிச் சிக்காம இருக்கத்தான் ஜோடியா வர்ற எழுத்தைப் பிரிச்சு வெச்சாங்கன்னு சொல்றாங்க. சிக்கலன்னா வேகமாத்தான அடிக்க முடியும்? லேட் பண்றதுக்கு யாராவது மெஷின் செய்வாங்களா?"

"அப்ப ஈயும் ஆரும் ஏன் பக்கத்துலயே இருக்குது? அது எவ்ளோ தடவை ஜோடியா வருது!"

"அதான் எனக்கும் புரியல. தந்தி அடிக்கிறவங்க கேட்டு மாத்துனாங்கன்னும் சொல்றாங்க. யாரு கண்டா? நெறைய பேரு இதைக் கத்துக்கிட்டாங்க, கம்பெனிங்க இதையே செஞ்சாங்க, அவ்ளோதான். பரீட்சைக்கு இந்த மெஷினைத்தான் வண்டியில ஏத்திக்கிட்டுப் போவோம். கம்பியில இருக்கிற அச்சை உங்களுக்காகப் புடுங்கி மாத்தி நடவா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவள் கேலியை நிறுத்திவிட்டு, "இங்க அடிக்கும்போது கை வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை. ஆபீஸில் எப்படி உட்காருவேன் என்று நடித்துக் காட்டச் சொன்னாள். தாழ்ந்த நாற்காலியும், மேசை விளிம்பில் மடங்கிக் கிடக்கும் மணிக்கட்டுமாகக் காட்டினேன்.

"நாற்காலியை ஒசத்துங்கக்கா. எழுத்து என்னா பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் ஆபீஸ் நாற்காலியில் இரண்டு சின்ன மெத்தைகளைப் போட்டு உட்கார்ந்தேன். கணினியையும் பழையபடி மாற்றினேன். ஒரு வாரத்தில் வலி விட்டது, டுவோராக் விடவில்லை. ஏ, எம் இரண்டும் இரு அமைப்பிலும் ஒரே இடம் என்பதால் அவை மட்டும் ஒழுங்காக விழுந்தன. மற்ற எழுத்துகளை மாலைதோறும் இரண்டு மணி நேரம் திட்டிக்கொண்டே மீட்டேன். வேகத் தேர்வின் பத்து நிமிடமும் மூச்சு விட்ட ஞாபகம் இல்லை. பாஸானேன், இரண்டாம் வகுப்பு.

டச்சுக்காரரிடம் இனிப்பு கொடுத்து, நாற்காலிக் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இனிப்பைத் தின்னாமல் மேசையில் வைத்தார்.

"டுவோராக்குக்கு மாறின வாரம்தான் நான் புது நாற்காலியும் வாங்கினேன்" என்றார். "பத்து வருஷமா எல்லார்கிட்டயும் விசைப்பலகையைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

நான்தான் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த நாற்பது நாளை எண்ணிப் பார்த்தேன். இரண்டு மெத்தை போட்டால் தீர்ந்திருக்கும் வலிக்கு, இருந்த ஒரே தேர்வைப் பறிகொடுக்கப் பார்த்திருக்கிறேன்.