மார்ச் மாதத்தில் எட்டு நாள் லீவு

அறுபதுகளின் நடுவில் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் ஸ்டெனோவாக இருந்தேன். வீடு மாதுங்காவில். அம்மா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான்.

அந்த வருஷம் எனக்கு முக்கியமான வருஷம். ஜூனியர் ஸ்டெனோவாக மூன்று வருஷம் முடித்தவர்களுக்கு, மார்ச்சில் எழுதும் ரகசிய அறிக்கையில் 'பி'யோ அதற்கு மேலோ கிடைத்தால் சீனியர் கிரேடு. 'சி' என்றால் அதே நாற்காலியில் அதே சம்பளத்தில் இன்னொரு வருஷம். அறிக்கையை ஆபீசில் எல்லாரும் 'கான்ஃபிடென்ஷியல்' என்றுதான் சொல்வோம். பிரிவுத் தலைவர் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலைந்து வரி சொல்லி, கடைசியில் ஓர் எழுத்துப் போட்டு, மார்ச் இருபத்தைந்துக்குள் அரக்கு வைத்த கவரில் ஸ்டாஃப் மானேஜருக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் பிரிவில் பதினைந்து பேருடைய கான்ஃபிடென்ஷியலையும் டைப் அடிப்பது நான்தான். என்னுடையதை மட்டும் நான் அடிக்கக் கூடாது. அதைப் பக்கத்துக் கணக்குப் பிரிவு ஸ்டெனோ வந்து குறிப்பெடுத்து அடிப்பாள். அவளுடையதை நான் அடிப்பேன். அவள் செம்பூர்க்காரி. மாதுங்காவில் ஒரே இன்ஸ்டிட்யூட்டில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டோம். மூன்று வருஷமாக மாற்றி மாற்றி அடித்திருக்கிறோம். அடித்ததைப் பற்றி ஒரு தடவைகூட ஒருத்தியிடம் ஒருத்தி வாயைத் திறந்ததில்லை. அந்த விஷயத்தில் எங்களுக்கு ரொம்பத் திமிர்.

பிப்ரவரி கடைசியில் அப்பா பஸ் நம்பர் தெரியாமல் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி மாஹிமில் இறங்கி, அங்கிருந்து வழி கேட்டுக் கேட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். வலது கண்ணில் புரையை முற்ற விட்டு, அது வேறு கோளாறில் போய் முடிந்து, ஏற்கெனவே பார்வை போயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான்; அதிலும் இப்போது புரை. மறுநாள் பரேலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதையும் தள்ளிப் போடாதீங்க" என்றார். ஆபரேஷனுக்கு மார்ச் பதினெட்டாம் தேதி படுக்கை காலி என்று எழுதிக் கொடுத்தார்கள். விட்டால் மழைக்காலம் முடிந்துதான்.

வெளியே வந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"மார்ச்ல நீ லீவு கேக்கப்படாது. உனக்குக் கான்ஃபிடென்ஷியல் எழுதற மாசம். நான் தீபாவளி கழிஞ்சு பண்ணிக்கறேன்."

"அதுக்குள்ள இதுவும் போயிடுத்துன்னா?"

"போனா போறது. ஒண்ணு போயும் இருக்கேனோல்லியோ?"

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே பிளாட்பாரத்தில் கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அது தெரியவில்லை என்பதில் இன்னும் கோபம் வந்தது.

வாயால் கத்தியாயிற்று. ஆனால் மார்ச்சில் லீவு கேட்க எனக்கும் பயம்தான். காரணம் இருந்தது. முந்தைய வருஷம் எங்கள் பிரிவில் ஒரு குமாஸ்தா, முலுண்டிலிருந்து வருகிறவர், தம்பி கல்யாணத்துக்கு மார்ச்சில் பத்து நாள் லீவு போட்டார். அவருக்கு 'சி'. 'பிரிவின் வேலைப் பளுவை உணராதவர்' என்ற வரியை இந்த விரல்களால்தான் நான் டைப் அடித்தேன். இன்றுவரை அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்த மாதிரி லீவுக்குப் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. லீவு எனக்கு இருபது நாளுக்கு மேல் பாக்கி இருந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் ஆபீசுக்கும் வீட்டுக்குமாகச் சுமந்தேன். செம்பூர்க்காரி சாப்பாட்டு வேளையில் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்கே ஜுரம்னு ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கி அனுப்பிடேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா. மார்ச்ல லீவு கேட்டாள்னு இருக்காது, மார்ச்ல ஜுரம் வந்துதுன்னு இருக்கும்."

ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. மறைப்பானேன்? ஆனால் அப்பா கண்ணுக்கு நான் ஜுரம் கொண்டாட வேண்டுமா என்று வீம்பு வந்துவிட்டது. மூன்றாம் தேதி காலை, விதிப்படி கடைசி நாள், படிவத்தை எடுத்துக்கொண்டு துரை அறைக்குள் போனேன். துரை என்று நாங்கள் சொன்னது எங்கள் பிரிவுத் தலைவரான ஒரு பார்சிக்காரரை. வயதானவர், முகத்தில் எதுவும் தெரியாது. படிவத்தைப் படித்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

"மார்ச்சிலா?" என்றார்.

"அப்பாவுக்கு இருக்கிறது ஒரு கண்தான் சார்" என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாலு இங்கிலீஷ் வாக்கியங்களும் மறந்துவிட்டன. "பதினேழுக்குள் நீங்கள் டிக்டேட் பண்ணிவிட்டால் பதினைந்தையும் அடித்து வைத்துவிட்டுப் போகிறேன்."

"என் சர்வீசில் இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னால் நான் இதைத் தொட்டதில்லை" என்றார். ஆனால் 'சிபாரிசு செய்கிறேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

பதிமூன்றாம் தேதி மத்தியானம் அவரே மணியடித்துக் கூப்பிட்டார். மூன்று நாளில் பதினைந்து பேரையும் சொல்லி முடித்தார். நான் அடித்து, சரிபார்த்து, கவரில் போட்டேன். வழக்கமான கடிதங்களை முன்கூட்டியே டைப் அடித்து, தேதியும் தொகையும் மட்டும் காலியாக விட்டு வைத்தேன். எந்த ஃபைல் எந்த ஷெல்ஃபில் என்று நாலு பக்கத்துக்கு எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். என் இடத்தில் செம்பூர்க்காரி தினம் இரண்டு மணி நேரம் வந்து உட்காருவதாக ஏற்பாடு. என்னுடைய கான்ஃபிடென்ஷியலையும் அப்போதே எடுத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிட்டார்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது. பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினேன். ஆடாமல் படுத்துக்கொண்டு அவர் கேட்பார்: "இன்னிக்குத் தேதி என்ன? உன் துரை எழுதியிருப்பாரோ?"

"பேசப்படாதுன்னு சொல்லியிருக்காளா இல்லியா?" என்று அதட்டுவேன். உள்ளுக்குள் நானும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லீவு முடிந்து ஆபீசுக்குப் போன அன்று செம்பூர்க்காரியின் சுருக்கெழுத்து நோட்டு என் மேஜை மேலேயே கிடந்தது. அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். என்னென்ன கடிதம் பாக்கி என்று பார்க்கத்தான் புரட்டினேன். சத்தியமாக அதற்குத்தான். ஒரு பக்கத்தின் அடியில் என் பெயர் இருந்தது. ஒரே பெஞ்சில் கற்ற கை. அவள் கோடுகள் எனக்கு அச்செழுத்து மாதிரி. கண்ணை எடுப்பதற்குள் படித்து முடித்திருந்தேன்.

'வருஷத்திலேயே வேலை அதிகமான வாரத்தில் இவர் எட்டு நாள் லீவில் போனார்.'

அதோடு பக்கம் முடிந்தது. திருப்புவதற்குள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டது ஒரு கை.

"வெக்கமா இல்லியாடி உனக்கு?" என்றாள் செம்பூர்க்காரி. அவள் முகம் சிவந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடைசில என்ன எழுத்து?"

"உன்னோடதை நீ அடிக்கப்படாதுன்னு எதுக்கு வெச்சிருக்கா?" நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் திமிரில் அவள் பங்கு பத்திரமாக இருந்தது. என் பங்கைத்தான் நான் தொலைத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஏப்ரல் முழுக்க அந்த ஒரு வரியோடுதான் குடித்தனம். துரையிடம் கேட்க முடியாது. கேட்டால் நோட்டைப் படித்ததைச் சொல்ல வேண்டும், அவளும் மாட்டிக்கொள்வாள். அப்பாவிடம் சொல்ல முடியாது. என்னால்தானே என்று கண்ணில் ஜலம் விடுவார். தையல் போட்ட கண் அது. 'பிரிவின் வேலைப் பளுவை உணராதவர்' என்று எனக்கு நானே மீதியை எழுதி, தினம் நாலு விதமாக மனசுக்குள் டைப் அடித்துப் பார்த்தேன். முலுண்டுக்காரரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் கடைசி நாளன்று துரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். என்னைக் கடைசியில் கூப்பிட்டார். கவரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"டிக்ரி" என்றார். பார்சிக்காரர்கள் மகளே என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "உன் அறிக்கையில் நீ லீவில் போனதை எழுதினேன். எழுதியதை நேரில் சொல்லிவிடுவது என் பழக்கம்."

'தெரியும் சார்' என்று நாக்கு நுனி வரை வந்தது. மென்று முழுங்கினேன்.

"வேலை அதிகமான வாரத்தில் போனாள் என்று எழுதினேன். ஆனால் போகும் முன் வேலையை வைத்துவிட்டுப் போன விதத்தில் அவள் இல்லாததே எனக்குத் தெரியவில்லை என்றும் எழுதினேன். சர்வீசில் முதல் தடவையாக என் கவர்கள் இருபத்தைந்தாம் தேதிக்கு முன்னாலேயே போயின. அப்பா கண் எப்படி இருக்கிறது?"

"அடுத்த வாரம் கண்ணாடி வருகிறது சார்" என்று சொல்லிக் கவரை வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து கவரைப் பிரித்தேன். சீனியர் கிரேடு. கால் தரையில் பாவவில்லை. நேரே கணக்குப் பிரிவுக்குப் போய், எல்லார் முன்னாலும் செம்பூர்க்காரியைக் கட்டிக்கொண்டேன்.

"ஒரு மாசமா உன் மூஞ்சியைப் பாக்கச் சகிக்கலடி" என்றாள். "சொல்லிடலாம்னு எத்தனை தடவை வந்துது தெரியுமா? மறுபடியும் என் நோட்டைத் தொட்டியோ, பாரு."

அப்பாவுக்குக் கண்ணாடி மே முதல் வாரம் வந்தது. சோடா பாட்டில் அடிப்பாகம் போல் தடிமன். வேலை உயர்ந்ததை மட்டும் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். கடிதத்தைக் காட்டாமல் வைத்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அவர் கையில் கொடுத்தேன். ஒரு வருஷமாக எதையும் மூக்கில் ஒட்டிவைத்துப் பார்த்தவர், அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, தேதியிலிருந்து துரையின் கையெழுத்து வரை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தார். புதுச் சம்பளம் போட்டிருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் விரலை வைத்துக்கொண்டார்.

"நெஜமாவே இவ்வளவு பெரிசா? இல்லே, இந்தக் கண்ணாடில எல்லாமே பெரிசாத்தான் தெரியறதா?"

"கண்ணாடிதான்" என்றேன்.

சிரித்தார். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இளைச்சுப் போயிருக்கியே" என்றார். "எத்தனை நாளா இப்படி இருக்கே நீ?"