மூன்றாவது பை

2023 டிசம்பர் 13, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மேகமூட்டம், மழை இல்லை. மயிலாப்பூர் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்று பேசியிருந்தேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த என் அக்காவுக்கு அன்று ஒரு பகல்தான் மிச்சம். இரவு எழும்பூரில் ரயில். நான் போட்ட திட்டம் இது: முதலில் கோயில், பிறகு பெசன்ட் நகர் கடற்கரை, அடையாறில் சாப்பாடு, தி. நகரில் அக்காவுக்கு ஒரு பட்டுப் புடவை, அங்கிருந்து நேரே ஸ்டேஷன். அவளாகக் கேட்டது கடல் ஒன்றுதான். "கடலப் பாத்துட்டு வருவோம் தம்பி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எழுபத்தெட்டு வயதுவரை அவள் கடலைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

டிக்கியில் அவளுடைய பைகள் மூன்றை எண்ணி வைத்தேன். ஊருக்கு ஏன் மூன்று என்று தோன்றியது. கேட்கவில்லை.

கோயிலில் கூட்டம் இல்லை. பத்தரைக்குக் கடற்கரையில் இறங்கினோம். முந்தின வாரப் புயல் மழையில் அடையாறு அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை முழுவதும் கரையில் ஒதுங்கி, அழுகிக் கிடந்தது. அதன் நடுவே செருப்புகள், பாட்டில்கள், தெர்மோகோல். தூரத்தில் ஒரு மண்வாரி இயந்திரம் அதையெல்லாம் குவித்துக்கொண்டிருந்தது. அலை இருக்கும் இடத்துக்குப் போக அந்தச் சேற்றைத் தாண்ட வேண்டும். கூட வந்த என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அக்கா மட்டும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காருக்குத் திரும்பியதும் டிரைவர் சொன்னார்: "இன்னா சார், மூஞ்சே சரியில்ல? கொட்டிவாக்கம் பீச்சுக்குப் போலாமா? ஆறு கலக்கற எடம் இங்க கிட்ட கீது, அதான் குப்பை எல்லாம் இங்கியே ஒதுங்கிச்சு. அந்தாண்ட அவ்ளோ இல்ல. நேத்து சவாரி போனேன், தண்ணி நல்லாத்தான் கீது."

போக அரை மணி, வர அரை மணி, அங்கே குறைந்தது ஒரு மணி நேரம். அப்படிப் போனால் தி. நகருக்கு ஐந்து மணிக்குள் நேரம் போதாது. வண்டிக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டிக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன்.

"கணக்கு வாத்தியாரா சார் நீங்க?"

"ஆடிட் ஆபீஸ். ரிட்டயர்டு."

"அதான பாத்தேன்."

"ஏங்க, தி. நகரை விட்டுடலாமே" என்றாள் மனைவி. "புடவை இங்க மயிலாப்பூர்லயே வாங்கி அனுப்பலாம். அண்ணி இன்னிக்குக் கடலுக்குன்னுதானே வந்தாங்க?"

"அவளே பார்த்து எடுத்தாத்தானே நல்லா இருக்கும்?" என்று அக்காவைப் பார்த்தேன்.

"எனக்கு எங்கனாலும் சரிதான் தம்பி. கடல் எங்க ஓடியா போகுது."

நானும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் தனக்கு வேண்டியதை இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தி. நகரை வைத்துக்கொண்டு கடலை விட்டேன்.

அடையாறில் சாப்பிட்டு, கடைக்குள் நுழையும்போது மணி ஒன்றே முக்கால். இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். விற்பனைப் பெண் விரித்த நான்காவது புடவையை அக்கா தொட்டு, "இதுவே போதும்" என்றாள். பதினைந்து நிமிடத்தில் பில் போட்டாகிவிட்டது.

மீதி நேரத்தை என்ன செய்வது? இனிக் கொட்டிவாக்கம் போனால் சாயங்கால நெரிசலில் மாட்டி ரயிலை விட்டுவிடுவோமோ என்று பயந்தேன். பாண்டி பஜார் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அக்கா போகிற வருகிறவர்களைப் பார்த்தாள். "நல்ல ஊரு" என்றாள்.

எட்டு மணி நேரம் முடிவதற்குள் என்று ஸ்டேஷனில் அவசரமாக இறங்கினோம். அங்கே நான் பைகளை எண்ணவில்லை.

மறுநாள் காலை அந்த டிரைவரே அழைப்பு மணியை அடித்தார். "டிக்கியில ஓரமா இருந்துச்சு சார். அம்மாவோட பையி." ஆட்டோவில் வந்திருந்தார், அந்தக் காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மனைவி பையைத் திறந்தாள். பழைய நூல் புடவை ஒன்று, துண்டு, நனைந்ததைச் சுற்றிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை.

"பாக்கறதுக்கு இல்லீங்க. அண்ணி இறங்கிக் குளிக்கறதுக்கு வந்திருக்காங்க."

அக்காவுக்குப் போன் செய்தேன். "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"அந்தக் குப்பைக்குள்ள எங்கப்பா குளிக்கிறது?" என்று சிரித்தாள். கொட்டிவாக்கத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. "பட்டுச்சேல நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாக" என்றாள். பிறகு, "அந்தப் பழையதை நீங்களே வச்சிருங்க. அடுத்த தடவ வாரப்ப ஆகும்" என்றாள்.

அவள் இதற்கு முன் சென்னைக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. முந்தின நாள் ஸ்டேஷன் படிகளில் அவள் நின்று நின்று ஏறியதை நான் பார்த்திருந்தேன். அடுத்த தடவைக்கு என்று அதை வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மடிப்புக் கலையாத அந்தப் புடவையையும் துண்டையும் அன்று மாலையே கூரியரில் திருப்பி அனுப்பினேன். செலவு நூற்று நாற்பது ரூபாய்.