மாலையில் மட்டும் படுக்கும் இணையம்

என் மனைவி கஜந்தினி பகலில் எங்கள் நகரத்துச் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவாள். மாலையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பாளர். வைத்தியர் பிரெஞ்சில் சொல்வதை நோயாளிக்கு வீடியோவில் தமிழில் சொல்ல வேண்டும். அவள் மனசெல்லாம் அந்த வேலையில்தான்.

அதற்குத்தான் இந்த நாசமாய்ப் போன இணையம் உலை வைத்தது. ஏழு மணியானால் வைத்தியரின் வாய் அசையும், சத்தம் வராது. ஒருநாள் ஒரு ஐயாவுக்கு, "இந்த மாத்திரையை இனிமேல்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் உறைந்துவிட்டது. எடுப்பதா, நிறுத்துவதா? பாவம், அந்த மனுசன் என்ன நினைத்திருப்பார். இன்னொரு முறை இணைப்பு அறுந்தால் பெயரை வெட்டிவிடுவோம் என்று மொழிபெயர்ப்பு நிறுவனம் எச்சரித்தது. இவள் கொஞ்ச நாள் லீவு கேட்டாள்.

இணையக் கொம்பனிக்கு நான் போனில் கத்தினேன். அவர்கள் காலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றார்கள்.

"சத்தம் போட்டு என்ன வரப்போகுது? அளந்து காட்டுவம்," என்றாள் கஜந்தினி.

வைஃபையை நிறுத்தி, மோடத்திலிருந்து நேரே மடிக்கணினிக்குக் கம்பி போட்டாள். ஒரே சோதனைத் தளம், காலையும் மாலையும், இரண்டு வாரம். காலையில் வேகம் முப்பது மெகாபிட், மாலையில் ஒன்றுகூட இல்லை. அந்த அளவுகளின் படங்களோடு கொம்பனிக்கு மின்னஞ்சல் போனது.

பதில் மரியாதையாக வந்தது. உங்கள் இணைப்பில் பிழையில்லை, அயலட்டம் முழுக்க ஒரே கேபிளைப் பங்குபோடுவதால் மாலையில் நெரிசல், அடுத்த வருடம் பெரிதாக்குவோம். விரும்பினால் தண்டம் இல்லாமல் விலகலாம்.

"அதை விட்டிட்டு என்ரை கொம்பனிக்கு மாறுங்கோ அண்ணை," என்றான் என்னோடு வேலை செய்யும் வினோஜன். மாறினோம். முதல் மாலையே மறுபடியும் உறைந்தது. எனக்கு விசர் பிடித்தது.

அதே மின்னஞ்சலைப் புதிய அளவுகளோடு புதுக் கொம்பனிக்கு அனுப்பினாள். தங்களுக்குச் சொந்தக் கேபிள் இல்லை, பழைய கொம்பனியிடம் வாடகைக்கு எடுத்தது, அங்கேயே உங்கள் முறைப்பாட்டை அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்குள்தான் என்ற கதையாக, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றோம். வேறு கம்பியோ எங்கள் கட்டடத்துக்கு இன்னும் வரவில்லை. யாரோடு கோபிப்பது என்றே எனக்கு விளங்கவில்லை.

லீவும் முடிந்தது. கஜந்தினி அந்த அளவுகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அவற்றை அனுப்பி, மேலே ஒரு வரி எழுதினாள்: காலையில் எனக்கு வேகம் இருக்கிறது, காலை வேலை தருவீர்களா?

அன்றைக்கே பதில். கிளினிக்குகளுக்குக் காலையில்தான் ஆள் போதாதாம், திங்கள் தொடங்கலாமாம்.

"அப்ப ஃபாக்டரி?" என்றேன்.

"விடப்போறன். இவ்வளவு நாளும் பயத்திலை விடேல்லை."

நாங்கள் வென்றோமா தோற்றோமா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாலையில் இணையம் இப்போதும் படுத்துத்தான் கிடக்கிறது.

திங்கள் காலை அவளுடைய தொழிற்சாலைச் சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"சொல்லுங்கோ ஐயா, வடிவாக் கேக்குது."