தும்பிக்கை வைத்த லை

அச்சகத்தில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய அச்சுகளை அவள் விரல்கள் கொத்திக் கொத்தி எடுக்கிற வேகத்துக்கு வந்த பெயர். அதே அறையில் ஃபோர்மேனாக இருந்தவன் அவள் புருஷன். அவனுக்கு நல்ல கைராசி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கையின் ராசி குருவியின் முதுகுக்குத்தான் தெரியும்.

வம்பு பாடப்புத்தக வேலையோடு வந்தது. எல்லாம் சீர்திருத்த எழுத்தில்தான் இருக்க வேண்டும், பழைய எழுத்து ஒன்று தலைகாட்டினாலும் அச்சடித்த ஃபாரத்தையே திருப்பிவிடுவோம் என்று வேலை கொடுத்த பாடநூல் அலுவலகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாறியது என்னவோ பதின்மூன்றே எழுத்துகள். ண, ல, ள, ன நான்குக்கும் ஐகாரம் முன்பு தலையில் தும்பிக்கை போல ஒட்டிக்கொண்டிருந்தது. இனி கை, மை போலவே அதுவும் தனிக் கொம்பாக முன்னால் நிற்க வேண்டும். ணா, றா, னா மூன்றிலும் உடம்போடு சுருண்டிருந்த கால் தனிக்காலாகப் பிரிந்தது. அவற்றின் ஒகரத்திலும் ஓகாரத்திலும் அப்படியே.

முதலாளி எல்லாப் பெட்டிகளிலிருந்தும் பழைய அச்சுகளைப் பொறுக்கி உருக்கக் கொடுத்தார். ஃபோர்மேன் தன் பெட்டியைத் தொடவிடவில்லை. "என் கேஸ்ல எவனும் கை வைக்கக் கூடாது. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றான். தெரிந்து என்ன பயன்? ஒரே அச்சாக லை எடுத்துப் பழகிய கை, கொம்பு ஒன்று, ல ஒன்று என்று இரண்டு முறை போக மறுத்தது. தானாகப் பெட்டியில் பழைய லை கிடக்கும் அறைக்கே ஓடியது. பிழை பார்க்கப் போன புரூப் சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. வட்டம் கூடிய நாளில் வீட்டில் அடியும் கூடியது. பெல்ட், விறகு, கையில் கிடைத்தது எதுவோ அது.

குருவி ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானம் அவன் வெளியே போனதும் அவன் கோத்து வைத்த பக்கத்தின் கட்டு நூலை அவிழ்ப்பாள். இடுக்கியால் பழைய லையைப் பிடுங்கிவிட்டுக் கொம்பையும் ல-வையும் வைப்பாள். இரண்டு அச்சு சேர்ந்தால் அகலம் கூடும், வரி பிதுங்கும். சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக் கட்டைகளை எடுத்துவிட்டு மெல்லியவற்றைச் செருகி வரியை அடக்குவாள். புரூப் சுத்தமாக வந்தது. தன் கை பழகிவிட்டதென்று அந்த மகான் மார்தட்டிக்கொண்டான். அறையில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அவள் முகத்து வீக்கமும் தெரியும். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

ஒரு வாரம் ஒரு வட்டம்கூட விழவில்லை. அந்த வாரக் கடைசியில், துணி காயவில்லை என்று சொல்லி அவளைச் சுவரோடு மோதினான். உதடு கிழிந்து ரத்தம் வழியும்போதுதான் குருவிக்கு உறைத்தது. இத்தனை நாள் எழுத்துக்காக அடிக்கிறான் என்று நம்பியது எவ்வளவு பெரிய மடத்தனம்.

மறுநாள் மத்தியானம் அவன் பக்கத்தை அவள் தொடவே இல்லை.

முதலாளி புரூப்போடு வந்தார். தாள் முழுக்கச் சிவப்பு. "என்னய்யா இது, தும்பிக்கையும் சுருளுமா கிடக்கு?"

"நேத்து வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் உன் சம்சாரம் மாத்தி வெச்சுது. இன்னிக்கு வெக்கல போல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். எழுத்துகளைத் தட்டிச் சமன் செய்கிற மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். அவள் வலது கையைப் பிடித்து இழுத்து, பக்கம் கட்டும் கல்மேசைமேல் அழுத்தினான். "எனக்கே எழுத்து சொல்லித் தர்றியாடி?" சுத்தியல் இறங்கியது. இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுபடி ஓங்கினான்.

குருவியின் இடது கையில் எழுத்துக் கோக்கும் இரும்பு ஸ்டிக் இருந்தது, பாதி வரி கோத்தபடி. அதைத் திருப்பி, விளிம்பால் அவன் முகத்தில் அடித்தாள். கன்னம் பிளந்தது. அடுத்த அடியில் மூக்கு உடைந்தது. ஈய எழுத்துகள் தரையெல்லாம் சிதறின. அவன் முட்டி போட்டு விழுந்த பிறகும் அடித்தாள். அதுவரை மரம் மாதிரி நின்றவர்கள் அப்போதுதான் ஓடிவந்து பிடித்தார்கள். அவனை அல்ல, அவளை.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா உடனே வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

"அவன் தேடிக்கிட்டு வந்தா என்னடி சொல்றது?"

"இங்கதான் இருக்கேன்னு சொல்லுக்கா."

"பைத்தியமா உனக்கு? ஒரு கைய ஒடச்சது போதாதா?"

"இன்னொன்னு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, குருவி எழுந்து போய்க் கதவின் தாழைத் திறந்தாள்.