வெள்ளிக்கிழமை அழைப்பு

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராம் மாடி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஓர் அழைப்பு வரும். நான் வேலையில் இருப்பேன். அம்மாதான் எடுப்பார். சில வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

“தம்பி, அப்பாவைப் பேர் சொல்லிக் கேக்கிறாங்கள்.”

அப்பா ஊரில் காணாமற்போய் ஐந்து வருடம். உடல் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் பொட்டு வைக்கிறார்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“வெளியால போயிட்டார், பின்னேரம் வருவார் எண்டனான்.”

தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் அதற்கே செலவழித்திருக்கிறார்.

அழைத்தது யாரென்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அம்மா கனடா வருமுன், தனியே இருந்த காலத்தில், தொலைபேசியில் குதிரைப் பந்தயம் கட்ட ஒரு கணக்குத் திறந்திருந்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். நான் கட்டுவதை நிறுத்தியதும் திரும்ப இழுக்க அழைக்கிறார்கள். சூதாடியது நான், தேடப்படுவது அப்பா. உண்மையைச் சொன்னால் என் குட்டு வெளிப்படும். கோழை மாதிரி, பந்தய அலுவலகத்துக்குக் கணக்கை மூடப் போனேன்.

கவுண்டர்ப் பெண் என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, மிஸ்டர் என்று சேர்த்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாருமில்லை.

முடிவு வராத பந்தயம் எதுவும் இல்லையென்று சரிபார்த்து, மூடும் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். மிச்சமிருந்த பத்தொன்பது டொலர் காசோலையாகத் தபாலில் வரும் என்றாள்.

“என் விவரங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்” என்றேன்.

பந்தயப் பதிவுகளைச் சில வருடங்கள் வைத்திருக்கத்தான் வேண்டும், அதை அழிக்க முடியாது என்றாள். அழைக்கும் பட்டியலிலிருந்தும் தபால் பட்டியலிலிருந்தும் வேண்டுமானால் பெயரை எடுத்துவிடலாம். சரியென்று அதற்கும் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்தேன். அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிரித்த உறை. காசோலையில் அப்பாவின் பெயரைத் தேடிப் பிடித்து அதன்மேல் விரலை வைத்திருந்தார்.

“அப்பா காசு அனுப்பியிருக்கிறார்” என்றார், மெதுவாக.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. குதிரை, கணக்கு, பெயர், படிவம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அம்மா காசோலையை மடித்து என்னிடம் தந்தார்.

“இண்டைக்கும் போன வெள்ளியும் ஒருத்தரும் அப்பாவைக் கேட்டு எடுக்கேல்லை.”

“இனி எடுக்க மாட்டாங்கள், அம்மா. பேரை வெட்டச் சொல்லிப்போட்டன்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆரைக் கேட்டடா வெட்டினனீ?”